மை.கி., மி.கி., மி.லி.: சிரிஞ்ச் பம்ப் கையேட்டின் அலகுகளைத் தமிழில் எப்படிப் போடுவது?

மொழிமேசை | மார்ச் 3, இரவு 9:40

சிரிஞ்சில் நிரப்பிய மருந்தை மெல்ல, அளவாக நோயாளிக்குள் தள்ளும் சிரிஞ்ச் பம்ப் ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை கைக்கு வந்திருக்கிறது. படிக்கப்போவது மாவட்ட மருத்துவமனைகளின் வார்டு நர்ஸ்கள். பாடநூல் வழக்கப்படி அலகுகளை மி.லி., மி.கி., மை.கி. என்று போட்டு முப்பது பக்கம் முடித்துவிட்டேன். இன்று அச்சுப்பிரதியைக் கையில் எடுத்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மை.கி.க்கும் மி.கி.க்கும் வித்தியாசம் ஒரே ஒரு குறி. ஐகாரக் கொம்பா, இகரச் சுழியா என்பதுதான். அதன் பொருளோ ஆயிரம் மடங்கு. மி.லி., மி.கி. இரண்டுக்கும் நடுவிலும் ஓர் எழுத்துதான் மாறுகிறது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அலகைத் தமிழில் போடுவதா, திரையில் தெரிகிறபடியே விடுவதா?

இயற்பியல் வாத்தியார் | மார்ச் 3, இரவு 10:15

தமிழில் சுருக்காதீர்கள், சர்வதேசக் குறியீட்டை அப்படியே போடுங்கள். மைக்ரோ கிராமுக்கு µg. எந்த மொழிக்கும் பொது, குழப்பமே இல்லை. பள்ளியில் இதைத்தான் சொல்லித் தருகிறோம்.

நைட்ட்யூட்டி | மார்ச் 4, காலை 7:50

ட்யூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். பத்து வருஷமாக ஐசியு.

வாத்தியார் சார் சொல்வதில் பாதி சரி. தமிழ்ச் சுருக்கம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் µg எழுதவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் கையால் எழுதும்போது அந்த µ-வின் வால் மறைந்தால் mg மாதிரித் தெரியும். அதனால் mcg என்றுதான் எழுதுவோம். எங்கள் பம்ப்பின் திரையிலும் mcg என்றுதான் வரும். கையேட்டில் ஒன்று, திரையில் ஒன்று என்றால் நடுராத்திரியில் எதை நம்புவது?

வாயால் சொல்வது வேறு. "மைக்" என்போம், "எம்எல்" என்போம். "மை.கி." என்று ஒரு சிஸ்டரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மொழிமேசை | மார்ச் 4, காலை 9:05

நன்றி சிஸ்டர். முப்பது பக்கத்தையும் திருத்துகிறேன். திரையில் எப்படி வருகிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே: mL, mg, mcg, mL/h. பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட. அத்தியாயத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அட்டவணை வைத்து, ஒவ்வொன்றையும் எப்படி வாசிப்பது என்று தமிழில் எழுதிவிடலாம்.

வாத்தியார் சார், µg அறிவியல்படி சரியான குறி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே திரை எதைக் காட்டுகிறதோ அதன் பக்கம் போகிறேன்.

மதுரைக்காரி | மார்ச் 4, காலை 11:20

அலகு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷினை அண்ணன் லண்டனிலிருந்து வாங்கி வந்தான். 7.0 என்று காட்டுகிறது. அம்மா "சர்க்கரை ஏழுக்கு இறங்கிவிட்டது" என்று பயந்து இரண்டு ஸ்பூன் சீனி தின்றுவிட்டார். இதற்கும் தமிழில் கையேடு எழுதுவீர்களா?

மொழிமேசை | மார்ச் 4, மதியம் 1:10

அந்த மெஷின் mmol/L கணக்கில் காட்டுகிறது அக்கா. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வருவது mg/dL. ஒன்றை மற்றதாக மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும். 7.0 என்றால் 126. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. வெறும் வயிற்றில் பார்த்திருந்தால் உண்மையில் கொஞ்சம் கூடுதல், டாக்டரிடம் காட்டுங்கள். மெஷின் மேல் "18-ஆல் பெருக்கு" என்று ஒட்டுவதைவிட, இங்கே விற்கும் mg/dL மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

எண் சரியாக இருந்து அலகு மட்டும் தவறிப்போன கதை இது. என் வேலைக்கும் இது பாடம்தான். எண்ணும் அலகும் வரி முடிவில் பிரிந்து போகாமல் பார்க்கச் சொல்லி லே-அவுட் செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பயோமெட் | மார்ச் 4, இரவு 8:30

பயோமெடிக்கல் எஞ்சினியர், பம்ப் பராமரிப்பு என் வேலை. ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் mcg, mg ஆயிரம் மடங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆபத்துதான், ஆனால் அந்தத் தவறை மெஷினே பல சமயம் தடுத்துவிடும். நான் பயப்படுவது கடைசித் துண்டுக்கு, அதாவது நிமிடமா மணி நேரமா என்பதற்கு.

ஒரு கணக்கு போடுகிறேன். நார்அட்ரினலின் 4 mg, 50 mL சிரிஞ்சில் நிரப்பியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு mL-ல் 80 mcg. நோயாளி 60 கிலோ. டாக்டர் எழுதியது 0.1 mcg/kg/min. நிமிடத்துக்கு 6 mcg, மணி நேரத்துக்கு 360 mcg. 80-ஆல் வகுத்தால் 4.5 mL/h.

இப்போது mg என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் 4,500 mL/h வரும். நான் கையாண்ட எந்த சிரிஞ்ச் பம்ப்பும் அந்த வேகத்தை ஏற்காது. ஆனால் mcg/kg/min-க்குப் பதில் mcg/kg/h என்று தேர்ந்தெடுத்தால் 0.075 mL/h. 0.1-க்குக் கீழே போக முடியாத பம்ப் என்றால் மறுத்துவிடும். அதைவிட மெதுவாகவும் ஓடக்கூடிய பம்ப் என்றால் அமைதியாக ஓட ஆரம்பிக்கும். மருந்து கிட்டத்தட்டப் போகவே போகாது. பிரஷர் இறங்கும், பம்ப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம், மணிக்கணக்கில் எழுதியதை நிமிடமாகத் தேர்ந்தெடுத்தால் 60 மடங்கு போகும். பல வேகங்களில் அதையும் மெஷின் ஏற்றுக்கொள்ளும்.

மொழிமேசை | மார்ச் 4, இரவு 11:00

இதைப் படித்ததும் என் வரைவில் ஒரு இடத்தைத் தேடிப் போனேன். mL/h என்பதை விளக்கும் வாக்கியத்தில் "மணிக்கு 5 mL" என்று எழுதியிருக்கிறேன். வேகத்தைச் சொல்வது போலத்தான் எழுதினேன், பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் என்கிற மாதிரி. அடுத்த பக்கத்தில் மருந்துக் கால அட்டவணை உதாரணம் வருகிறது, அங்கே "5 மணிக்கு" என்று இருக்கிறது. "மணி" நமக்கு நேரமும்தான், கால அளவும்தான். வேகமாகக் கண்ணை ஓட்டுபவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அதனால் வேகம் வரும் இடத்திலெல்லாம் "ஒரு மணி நேரத்துக்கு 5 mL" என்று முழுசாக எழுதப்போகிறேன். கடிகார நேரம் வரும் இடத்தில் "காலை 5 மணி". "2 மணிக்கு ஒரு முறை" என்று எழுதவே மாட்டேன், "2 மணி நேரத்துக்கு ஒரு முறை" என்றுதான்.

யாழ்வாசகர் | மார்ச் 5, காலை 6:30

எங்கடை பக்கம் தாதியர் என்றுதான் சொல்லுவம், செவிலியர் என்றால் படத்துப் பேச்சு. லீற்றர், மில்லிலீற்றர் என்று எழுதுவம். நீங்கள் மில்லி லிட்டர் என்று எழுதினால் வாசிக்க ஏலும், ஆனால் எங்களுக்கு அந்நியமாக இருக்கும். அலகை mL என்றே விட்டால் இரண்டு கரைக்கும் ஒன்றுதானே.

மொழிமேசை | மார்ச் 5, காலை 8:15

இந்தப் பிரதி தமிழ்நாட்டு வார்டுகளுக்கு மட்டும்தான் ஐயா, இலங்கைக்கு வேறு பிரதி வேண்டும், அங்குள்ள தாதியர் ஒருவரே அதை எழுத வேண்டும். திரை அலகை விட்டுவைத்தால் இரண்டு பிரதியும் அந்த இடத்தில் ஒன்றாகவே இருக்கும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை, நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

வாசிப்பவன் | மார்ச் 5, மதியம் 12:40

அடிப்படைக் கேள்வி. நர்ஸிங் படிப்பே ஆங்கிலத்தில்தான். பிறகு எதற்குத் தமிழ்க் கையேடு? இருக்கிற ஆங்கிலத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லலாமே.

நைட்ட்யூட்டி | மார்ச் 5, மாலை 4:20

பரீட்சைக்கு ஆங்கிலத்தில் படித்தோம் தம்பி, படிக்கத் தெரியும். ஆனால் விடியற்காலை 3 மணிக்கு, அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, நாலு வரி நீளமான ஆங்கில வாக்கியத்தில் "அன்லெஸ்" எங்கே இருக்கிறது என்று தேட நேரம் இருக்காது. எங்கள் வார்டில் அந்தக் கையேடு பீரோவுக்குள்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறோம், ஆளுக்கு ஒரு மாதிரி. எழுத்தில் ஒன்று இருந்தால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வோம்.

மொழிமேசை | மார்ச் 9, இரவு 10:30

நேற்று முன்தினம் ஒரு சோதனை செய்தோம். என் வரைவில் எது குறை என்று அதில்தான் பிடிபட்டது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு பயிற்சி அறை. கம்பத்தில் பம்ப், 50 mL சிரிஞ்சில் வெறும் தண்ணீர், நோயாளிக்கு மருந்து போகும் குழாயான லைனின் முனை தரையில் ஒரு வாளியில். பம்ப்பைப் பார்த்திராத மூன்று நர்ஸ்கள். என் தமிழ் வரைவு மட்டும் கையில். யாரும் எதுவும் சொல்லித்தரக் கூடாது, நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும்.

சிரிஞ்ச் மாற்றும் பக்கம் வந்தது. நான் எழுதியிருந்தது:

"சிரிஞ்சை எடுப்பதற்கு முன் லைன் கிளாம்பை மூடவும்."

இலக்கணப் பிழை இல்லை. மூலத்தில் "பிஃபோர்" இருக்கிறது, தமிழில் "முன்" இருக்கிறது. எனக்குத் திருப்தியான வாக்கியம். முதல் சகோதரி பக்கத்தை இடது கையில் பிடித்து, விரலை வரியில் வைத்து வாசித்தார். "சிரிஞ்சை எடுப்பதற்கு" என்று வாசிக்கும்போதே வலது கை சிரிஞ்சின் பிடியைத் தூக்கிவிட்டது. சிரிஞ்ச் கையில் வந்தது. அதன் பிறகுதான் கண் "கிளாம்பை மூடவும்"-க்கு வந்தது.

வாளியில் சொட்டுச் சத்தம் கேட்டது. பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி போய்விட்டதே. கம்பம் வாளிக்கு மேலே ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. தண்ணீரின் எடையே பிஸ்டனை மெல்ல இழுக்கிறது. வாளிக்குப் பதில் நோயாளியின் கை இருந்து, சிரிஞ்சில் நார்அட்ரினலின் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தச் சகோதரி மிகவும் வருந்தினார். தவறு என் வாக்கியத்தில் என்று அவரிடம் சொன்னேன், அதையே இங்கேயும் எழுதுகிறேன். இரண்டாமவரும் கிட்டத்தட்ட அதையே செய்தார், பாதியில் நின்றுவிட்டார். மூன்றாமவர் மட்டும் முழு வரியையும் வாசித்துவிட்டுக் கையை எடுத்தார்.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் கிளாம்பை மூடுவதில் தொடங்கி "பிஃபோர்" என்று போகலாம். தமிழில் "முன்" போட்டதும் பின்னால் செய்ய வேண்டிய வேலை வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையும் கண்ணும் சேர்ந்து ஓடும் வேலையில் வரியின் வரிசைதான் வேலையின் வரிசை.

இப்போது திருத்தியது:

"1. லைன் கிளாம்பை மூடவும்.
2. கிளாம்ப் மூடியிருப்பதைப் பார்க்கவும்.
3. பிறகு சிரிஞ்சை எடுக்கவும்."

"முன்", "பின்னர்", "இல்லாவிட்டால்" எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். 84 பக்கத்தில் 61 இடம். அதில் பத்துப் பதினைந்து மட்டும் பாதிப்பில்லாதவை, மற்றவை எல்லாம் பிரித்து எழுத வேண்டியவை.

இயற்பியல் வாத்தியார் | மார்ச் 9, இரவு 11:10

தண்ணீர் தன் எடையாலேயே கீழே வழிந்தது, அதாவது சைஃபன் வேலை செய்தது என்கிறீர்கள். ஆனால் சிரிஞ்சின் மறுமுனை மூடியிருக்கிறதே, காற்று உள்ளே போகாதே? அப்படியிருக்க எப்படி வழியும்?

பயோமெட் | மார்ச் 10, காலை 7:30

நல்ல கேள்வி சார். காற்று தேவையில்லை. பிஸ்டன் நகர்ந்தாலே போதும். ரப்பரின் உராய்வைவிட நீர்த்தூணின் இழுப்பு அதிகமானால் பிஸ்டன் இறங்கும். 50 mL சிரிஞ்சின் பிஸ்டன் அகலம் என்பதால் அதன் மேல் வரும் விசையும் அதிகம். சிரிஞ்சின் முனையில் வெடிப்போ, இணைப்பில் கசிவோ இருந்து காற்று உள்ளே போனால் இன்னும் வேகம். அதனால்தான் பம்ப்பை நோயாளியின் இதய மட்டத்துக்கு அருகில் வைக்கச் சொல்வது. கையேட்டில் அந்த வரி எங்கே இருக்கிறது மேடம்?

மொழிமேசை | மார்ச் 10, காலை 9:00

மூலத்தில் 11-ஆம் பக்கத்தில், "நிறுவுதல்" தலைப்பின் கீழ். பம்ப் கம்பத்தில் மாட்டியவுடனே பார்க்க வேண்டிய விஷயம் அது என்பதால் அந்த இடம் சரிதான். ஆனால் சிரிஞ்ச் மாற்றும் பக்கத்தில் அது இல்லை. இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

மொழிமேசை | மார்ச் 11, இரவு 9:50

அதே சோதனையில் கிடைத்த இன்னொன்று. திரையில் `PURGE` என்று ஒரு பொத்தான். நான் "சுத்திகரிக்கவும்" என்று எழுதியிருந்தேன். அகராதி அதைத்தான் சொல்கிறது. இரண்டாமவர் அதைப் படித்ததும் ஸ்பிரிட் பஞ்சு கேட்டார். சிரிஞ்சைத் துடைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பொத்தான் லைனில் மருந்தை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளுகிறது, கூடவே பிஸ்டனுக்கும் தள்ளும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியை அடைக்கிறது. இந்த வேலையைச் செய்யாமல் 1 mL/h மாதிரி மெதுவான வேகத்தில் தொடங்கினால், தண்டு பிஸ்டனைத் தொடுவதற்கே நேரம் எடுக்கும், அதுவரை மருந்து போகாது. லைனை நோயாளியிடம் இணைத்துவிட்டுச் செய்தாலோ தேவையில்லாத மருந்து ஒரேயடியாகப் போகும்.

இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

"லைன் நோயாளியிடம் இணைக்கப்படவில்லை என்று பார்க்கவும். `PURGE` பொத்தானை அழுத்திப் பிடிக்கவும். லைன் முழுவதும் மருந்து நிரம்பி, முனையில் சொட்டு வரும்போது விடவும்."

பொத்தானின் பெயர் ஆங்கிலத்திலேயே. அதன் வேலை மட்டும் தமிழில்.

நைட்ட்யூட்டி | மார்ச் 12, காலை 8:40

"லைனை ஓட்டிக்கொள்" என்போம் நாங்கள். ஆனால் உங்கள் மூன்று வரி நன்றாக இருக்கிறது மேடம், முதல் வரியில் "இணைக்கப்படவில்லை" என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. புதியவர்கள் அங்கேதான் தப்பு செய்வார்கள்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். எங்கள் கையேட்டில் "வார்னிங்" என்றும் "காஷன்" என்றும் இரண்டு வருகிறது. நீங்கள் எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?

மொழிமேசை | மார்ச் 12, மதியம் 1:30

முதல் வரைவில் இரண்டையும் "எச்சரிக்கை" என்று போட்டுவிட்டேன். இரண்டுக்கும் தமிழில் அகராதிப் பொருள் ஒன்றே. ஆனால் கையேட்டில் அவை படிகள். "வார்னிங்" என்றால் நோயாளிக்கு மரணமோ கடும் பாதிப்போ வரக்கூடும். "காஷன்" என்றால் சின்னக் காயம், அல்லது கருவி பழுதாகும். இரண்டையும் ஒரே வார்த்தையில் போட்டால் ஸ்பிரிட் திரையில் படக்கூடாது என்பதும், நோயாளியிடம் இணைத்தபடி `PURGE` அழுத்தக்கூடாது என்பதும் ஒரே கனத்தில் ஒலிக்கும். அப்புறம் நர்ஸ் இரண்டையுமே தாண்டிப் படிப்பார்.

இப்போது "எச்சரிக்கை" முதலாவதுக்கு மட்டும். இரண்டாவதுக்குக் "கவனம்". மூன்றாவது வகைக்குக் "குறிப்பு". முன்னுரையில் மூன்றும் என்ன என்று ஒரு பெட்டி. இதில் ஒரு வார்த்தையும் இனி மாற்றக்கூடாது, 84 பக்கத்திலும் ஒன்றே.

பயோமெட் | மார்ச் 12, இரவு 9:15

நல்லது. அடைப்பு அலாரம் பற்றிய வரியை இங்கே போட முடியுமா? அதில்தான் எங்களுக்கு அதிக ஃபோன் வருகிறது.

மொழிமேசை | மார்ச் 13, காலை 10:00

இதுதான் வரி: "குறைந்த வேகத்தில் அடைப்பு அலாரம் தாமதமாக ஒலிக்கலாம்."

பயோமெட் | மார்ச் 13, காலை 10:40

"ஒலிக்கலாம்" எனக்கு ஒத்துவரவில்லை. "லாம்" என்றால் அனுமதி மாதிரி இருக்கிறது. "சாப்பிடலாம்", "போகலாம்" என்கிறோமே.

கணக்கு பாருங்கள். லைன் மடங்கி அடைத்துக்கொண்டது. பம்ப் தள்ளுகிறது, ஆனால் உடனே அழுத்தம் ஏறாது. லைன் கொஞ்சம் விரியும், பிஸ்டனின் ரப்பர் கொஞ்சம் அமுங்கும். அலாரம் அடிக்கும் அழுத்தம் வருவதற்குள் அரை mL உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 mL/h ஓடினால் அது 3 நிமிடம். 1 mL/h ஓடினால் 30 நிமிடம். அரை மணி நேரம் நோயாளிக்கு மருந்து போகவில்லை, பம்ப்போ ஓடுவதாகக் காட்டுகிறது.

அலாரம் அடித்த பிறகு இன்னொரு விஷயம். சும்மா மடிப்பை நிமிர்த்திவிட்டால் விரிந்த லைனில் தங்கியிருந்த அந்த அரை mL ஒரே தள்ளில் நோயாளிக்குள் போகும். மேலே சொன்ன கலவையில் அது 40 mcg.

நைட்ட்யூட்டி | மார்ச் 13, மதியம் 2:15

ஆமாம் சார், நாங்கள் `START` அழுத்திவிடுவோம், அலாரம் நின்றால் சரி என்று. இந்த வேகக் கணக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மொழிமேசை | மார்ச் 13, இரவு 10:20

"லாம்" விஷயத்தை எடுத்து முழுப் பிரதியையும் அலசினேன். அனுமதிக்கு மட்டும் "லாம்" என்று வைத்துக்கொண்டேன். நடக்க வாய்ப்பு உண்டு என்ற பொருளுக்கு "கூடும்". கட்டாயத்துக்கு "வேண்டும்" அல்லது நேரடிக் கட்டளை, தடைக்குக் "கூடாது".

அடைப்பு அலாரப் பகுதி இப்போது:

"எச்சரிக்கை: குறைந்த வேகத்தில் அடைப்பு ஏற்பட்டால், அலாரம் ஒலிக்க நீண்ட நேரம் ஆகக்கூடும். அதுவரை மருந்து போகாது.

1. பம்ப்பை நிறுத்தவும்.
2. லைன் கிளாம்பை மூடவும்.
3. நோயாளியிடமிருந்து லைனைக் கழற்றவும்.
4. கிளாம்பைத் திறக்கவும். லைனில் தேங்கிய மருந்து வெளியே சொட்டுவதைப் பார்க்கவும்.
5. அடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும்.
6. லைனை இணைத்துத் தொடங்கவும்."

பயோமெட் | மார்ச் 14, காலை 8:00

4-வது படி எல்லா பம்ப்புக்கும் பொருந்தாது. சில பம்ப்கள் அழுத்தம் அதிகமானால் தானே பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கும். மூலக் கையேட்டில் அது இருக்கிறதா?

மொழிமேசை | மார்ச் 14, காலை 9:30

இந்த மாடலில் அந்த வசதி இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு தவறு வெளியே வந்தது. 3-ம் 4-ம் படிகள் மூலத்தில் அப்படியே இல்லை. "அழுத்தத்தை விடுவிக்கவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. நான் விளக்கமாக எழுதிவிட்டேன். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை இல்லை, எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். லைனைக் கழற்றுவது தொற்று அபாயம் உள்ள செயல், ஸ்டாப்காக்கைத் திருப்பினாலே போதும் என்று மருத்துவமனையின் விதி இருக்கலாம். என் ஊகத்தை எழுத்தாக்கியது சரியில்லை.

இரண்டு படிகளையும் நீக்கி, மூல வரியை வைத்து, தயாரிப்பாளருக்குக் கேள்வி அனுப்பிவிட்டேன்: எந்த வழியில் விடுவிப்பது?

நைட்ட்யூட்டி | மார்ச் 14, இரவு 7:30

நீக்கியது எனக்கு வருத்தம்தான் மேடம். விளக்கமாக இருந்தது நன்றாக இருந்தது. எங்கள் வார்டில் மூன்று-வழி ஸ்டாப்காக்கைத் திருப்பி வெளியே விடுவோம்.

வாசிப்பவன் | மார்ச் 15, காலை 11:00

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்ப மொழிபெயர்த்துப் பார்த்தால் எல்லாப் பிழையும் தெரிந்துவிடுமே? மருந்துக் கம்பெனிகள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி.

மொழிமேசை | மார்ச் 15, மாலை 5:10

அதையும் செய்தோம் தம்பி. மூலம் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்தோம். தேவையான வேலைதான். 2.5 mL என்று இருக்க வேண்டியது 25 ஆகியிருந்த ஒரு இடத்தைப் பிடித்தது. ஆனால் "சிரிஞ்சை எடுப்பதற்கு முன் கிளாம்பை மூடவும்" என்ற பழைய வரி அப்பழுக்கில்லாமல் "பிஃபோர்" என்று திரும்பி வந்தது. "சுத்திகரிக்கவும்" திரும்பி வந்தபோது "பர்ஜ்" என்றே வந்தது. திரும்ப மொழிபெயர்ப்பவர் மேசையில் உட்கார்ந்து வார்த்தையைப் பார்க்கிறார், அவருக்கு வாளியில் சொட்டுவது கேட்காது. அதனால் அந்தச் சோதனையும் வேண்டும், தண்ணீர் வாளிச் சோதனையும் வேண்டும்.

2.5 விஷயத்தில் இன்னொரு விதியும் வைத்தேன். 5 என்பதை 5.0 என்று எழுதுவதில்லை, புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். அரையை .5 என்று எழுதுவதில்லை, 0.5. மூலத்தில் ஒரு இடத்தில் 5.0 mL இருக்கிறது, அதையும் கேள்வியாக அனுப்பியிருக்கிறேன். ஆனால் பம்ப் திரை 5.0 என்று காட்டினால் அந்த இடத்தில் மட்டும் 5.0 என்றே போடுவேன், ஏனென்றால் கண்ணில் தெரிவதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை.

நைட்ட்யூட்டி | மார்ச் 15, இரவு 9:00

திரையில் 5.0 வந்தால் 5.0 என்றே போடுங்கள். நாங்கள் ஒப்பிட்டுத்தான் பார்ப்போம்.

மொழிமேசை | மார்ச் 21, இரவு 10:45

இரண்டாவது சோதனை இன்று. புது நர்ஸ்கள் நால்வர். கிளாம்ப் மூடும் இடத்தில் நால்வரும் சரி, வாளியில் சத்தமே இல்லை. `PURGE`-க்கு யாரும் ஸ்பிரிட் கேட்கவில்லை.

ஒரு புதுச் சிக்கல். சிரிஞ்ச் வைத்ததும் திரை எந்தக் கம்பெனி சிரிஞ்ச் என்று கேட்கிறது. ஒரு சகோதரி "50 mL-தானே, எது வேண்டுமானாலும் போடலாம்" என்று முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தார். பம்ப் பிஸ்டன் நகரும் தூரத்தை வைத்து அளவைக் கணக்கிடுகிறது. உள்விட்டம் 26.5 மில்லிமீட்டர் உள்ள சிரிஞ்ச் என்று சொல்லிவிட்டு 29 மில்லிமீட்டர் உள்ளதை வைத்தால், அதே தூரத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல் மருந்து போகும். திரை சரியான எண்ணைத்தான் காட்டும். என் வரைவில் அந்தப் படி "சிரிஞ்ச் வகையை உறுதிசெய்யவும்" என்று இருந்தது. "உறுதிசெய்யவும்" என்றால் `OK` அழுத்துவது என்று அவர் புரிந்துகொண்டார். "சிரிஞ்சின் மேல் அச்சிட்ட கம்பெனிப் பெயரும் அளவும் திரையில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். ஒத்திருந்தால் மட்டும் `OK` அழுத்தவும்" என்று மாற்றுகிறேன்.

தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. ஒரு வாக்கியத்தைப் பல படிகளாகப் பிரிக்க அனுமதி. 11-ஆம் பக்கத்து உயர எச்சரிக்கையைச் சிரிஞ்ச் மாற்றும் பக்கத்திலும் மறுபடி போட அனுமதி இல்லை, மூலத்தின் அமைப்பு மாறக்கூடாது என்கிறார்கள். "11-ஆம் பக்கம் பார்க்கவும்" என்று ஒரு வரியாவது சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அழுத்தம் விடுவிப்பது பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

யாழ்வாசகர் | மார்ச் 22, காலை 6:50

பதில் வரும்வரை அந்த இடத்திலை வெற்றிடம் விடாதேங்கோ. மூல வரியை மட்டும் வைத்திருங்கோ.

மொழிமேசை | மார்ச் 22, காலை 9:20

அப்படித்தான் வைத்திருக்கிறேன் ஐயா. இன்னொரு கேள்வியும் நேற்று வந்தது, நால்வரில் ஒருவர் கேட்டது. "லைன் கிளாம்ப்" என்கிறீர்கள், லைனில் இரண்டு கிளாம்ப் இருக்கிறதே, பம்ப் பக்கத்தில் ஒன்று, நோயாளி பக்கத்தில் ஒன்று. எது? மூலத்திலும் ஒருமைதான். படத்தில் நோயாளி பக்கத்தது வரைந்திருக்கிறது. நைட்ட்யூட்டி சிஸ்டர், உங்கள் வார்டில் எதை மூடுவீர்கள்?

நைட்ட்யூட்டி | மார்ச் 23, காலை 8:05

நோயாளி பக்கத்தது மேடம். ஆனால் என் ஜூனியர் ஒருவர் மற்றதை மூடுவார், அவருக்கும் சொல்லிப் பார்க்க வேண்டும்.